உச்சி இல்லாத மலை

ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்திற்கு அந்த அம்மாள் பேனர் கடைக்குள் நுழைந்தார். நேரம் இத்தனை துல்லியமாக முதலாளியின் நினைவில் நிற்கக் காரணம், பத்து மணிக்கு வருவதாக வாக்களித்திருந்த மெக்கானிக்கை மனத்துக்குள் வறுத்தெடுத்தபடி அவர் சுவர்க் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்ததுதான். தோளில் பை, கையில் குடை, முகத்தில் அவசரமின்மை. இந்த மூன்றையும் பார்த்ததும் ஆள் வந்துவிட்டதாக முடிவுகட்டி, அவரை நேரே அச்சு இயந்திரத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? பாருங்க, சிவப்பு வரவே மாட்டேங்குது."

அம்மாள் குனிந்து, இயந்திரத்திலிருந்து பாதி நீண்டு தொங்கிய பேனரைப் பார்த்தார். ஏதோ ஒரு கடையின் திறப்பு விழாப் பேனர். அதில் வாழ்த்துவோர் முகங்கள் கோயில் வாசல் செருப்புகளைப்போல் இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருந்தன.

"சிவப்பு இல்லாமலே நல்லாத்தான் இருக்கு. இவங்கள்ல ஒரு பத்துப் பேரை எடுத்துட்டா இன்னும் நல்லா இருக்கும்."

"நீங்க மெக்கானிக்தானே?"

"போட்டோ வேலைக்கு ஆள் வேணும்னு வாசல்ல எழுதியிருக்கீங்களே, அதுக்கு வந்தேன்."

அசடு வழிந்ததை மறைப்பதற்காகவே முதலாளி அவரை அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டார் என்று, இயந்திரத்தை ஓட்டுபவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. மெஷின் அண்ணன் என்று தெருவே அழைக்கும் அந்த மனிதர்தான் அம்மாளுக்கு 'ரப்பர் அக்கா' என்று பெயர் சூட்டியவரும். பொருத்தமான பெயர். அக்கா அதற்கு முன் ஒரு விளம்பரப் புத்தக நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். பிரஷர் குக்கர், நாற்காலி, காலணி என்று எது வந்தாலும் அதன் பின்னாலிருக்கும் உலகத்தை அழித்து வெள்ளையாக்குவது அங்கே அவருடைய தொழில். அழித்து அழித்துக் கை பழகி, கண்ணும் பழகி, அழிக்கக் கிடைக்காத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பேனர் கடையில் சேர்ந்த முதல் மாதமே ஒரு கவுன்சிலரின் இடது காதைப் பின்னணி என்று கருதி எடுத்துவிட்டார். கவுன்சிலர் சண்டைக்கு வந்தபோதும், "காது இல்லாம முகம் லட்சணமா இருந்துச்சு சார்" என்று வாதாடினாரே ஒழிய, மன்னிப்புக் கேட்கவில்லை.

கடையின் கொள்கையோ இதற்கு நேர் எதிர். விரல் வைக்க இடமிருந்தால் அங்கே ஒரு முகம். முகம் தீர்ந்துவிட்டால் ஒரு பூ. பூவும் வைத்தாயிற்று என்றால் இரண்டு புறாக்கள். "காலியா விட்டா, துணிக்கு வாங்கின காசுல பாதியைத் திருப்பிக் குடும்பான்" என்பது முதலாளியின் அனுபவ வாக்கு. கணினியில் கடையின் புறாக்களுக்கென்றே தனியாக ஒரு கோப்புறை இருந்தது.

இந்தக் கொள்கையால் முதலாளி பட்ட காயம் ஒன்று உண்டு. அவருடைய உடன்பிறந்த அக்காவின் கணவர் பல் டாக்டர். தலை பளபளவென்று வழுக்கை. இரு காதுகளுக்கும் மேலே மட்டும் காவலுக்கு நிற்பதுபோல் இரண்டு கற்றை முடி. அத்தானின் மருத்துவமனை திறப்பு விழாவுக்குப் பேனர் அடித்தபோது, உச்சந்தலை காலியாக இருப்பது முதலாளியின் கண்ணை உறுத்தியது. கொள்கை கொள்கைதானே. இடப்பக்கம் வகிடெடுத்து வாரிய, அடர்ந்த கறுப்பு முடி ஒன்றை எங்கிருந்தோ எடுத்து அந்தத் தலையில் பொருத்திவிட்டார். அன்பினால் செய்ததுதான். ஆனால் பேனரைப் பார்த்து வந்த முதல் நோயாளியே அத்தானிடம், "பெரிய டாக்டர் எப்ப வருவார்?" என்று கேட்டார். இரண்டாமவரும் அதையே கேட்டார். அன்று மாலை முதல் அத்தான் மைத்துனரோடு பேசுவதை நிறுத்தினார். நல்லது கெட்டது எதிலும் முகம் கொடுப்பதில்லை. அக்கா வீட்டு வாசல் முதலாளிக்கு மூடிப்போயிற்று. தாய் இல்லாத குறை தெரியாமல் அவரை வளர்த்தவள் அந்த அக்கா. ஆண்டுகள் ஐந்து ஓடிவிட்டன.

ஒருநாள் பகலில் அக்காவே கடைக்கு வந்தாள். கைப்பேசியிலிருந்து ஒரு புகைப்படத்தைக் கணினிக்கு ஏற்றச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"உங்க அத்தான் எடுத்தது. ஏதோ மாநாட்டுக்குப் போன ஊர்ல, ஓட்டல் வரவேற்பறையில ஒரு படம் பார்த்தாராம். பழைய காலத்துல மையைத் தண்ணியில கரைச்சு பிரஷ்ல வரைவாங்களாமே, அந்த மாதிரி. பாதிக்கு மேல ஒண்ணுமே இல்லையாம். ஓரமெல்லாம் அப்படியே கரைஞ்சு போகுதாம். பார்த்ததும் மனசு அடங்கிடுச்சாம். பல்வலியில வர்றவங்களுக்கு அதுதான் மருந்துன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார். இந்த போட்டோவை அந்த மாதிரி மாத்தி, நோயாளிங்க உட்கார்ற ரூம்ல மாட்டணும்."

"அத்தானே எங்கிட்ட கொடுக்கச் சொன்னாரா?"

"நான் சொன்னேன். வேற கடைக்குக் கொடுத்தா நான் அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன்னேன். சரின்னார். ஆனா, அவன் கை அதுல படக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "டேய் தம்பி, இது ஒண்ணு நல்லா அமைஞ்சா ஞாயித்துக்கிழமை உன்னைச் சாப்பிடக் கூப்பிடுறேன்னு அவர்கிட்ட பேசி வெச்சிருக்கேன். இதையும் கெடுத்தேன்னு வை, இனி கதவைச் சாத்துறது அவர் இல்ல, நான்."

இப்படியாகத்தான் அந்தப் புகைப்படம் ரப்பர் அக்காவின் மேசைக்குப் போனது. ஏரிக்கரையிலிருந்து எடுத்த படம். நடுவே உருண்டையான மொட்டைப் பாறைமலை; அதன் இரு சரிவிலும் மரங்கள்; பின்னால் அடுக்கடுக்காக வேறு மலைகள்; முன்னால் ஏரி; ஏரியில் ஒரு படகு. இவற்றோடு ஒரு டீக்கடை, ஒரு வேன், குறுக்கே போகும் மின்கம்பி, அளவுக்கு மீறி நீலமான வானம். ரப்பர் அக்கா படத்தைப் பார்த்த பார்வை, பசியோடிருப்பவர் இலையைப் பார்ப்பது போலிருந்தது.

முதலில் வேனும் டீக்கடையும் மின்கம்பியும் போயின. அடுத்து வானம் போயிற்று; ஏரியின் தண்ணீரும் போயிற்று. பிறகு நிறம் போயிற்று. வெறுமனே கறுப்பு வெள்ளையாக்கிவிட்டால் இலைப் பச்சையும் வானநீலமும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும் என்பதால், எந்த நிறம் எவ்வளவு வெளிற வேண்டும், எது கறுக்க வேண்டும் என்று தனித்தனியே திருத்தினார். மரங்களின் ஒவ்வோர் இலையையும் கேமரா பதிவு செய்திருந்தது. பிரஷ் அப்படிச் செய்யாது. ஆகவே நுணுக்கங்களை மழுங்கடித்து, இலைகளையெல்லாம் திட்டுத்திட்டாக ஒன்றுசேர்த்தார். அருகிலிருக்கும் மரங்களின் விளிம்பில் மட்டும் நாலைந்து அழுத்தமான கோடுகளை விட்டுவைத்தார். தொலைவு மலைகளை ஒன்றைவிட ஒன்று வெளிறலாக்கினார். ஒவ்வொன்றும் முகட்டில் கறுத்து, கீழே வரவர இளைத்து, அடிவாரத்தில் இல்லாமலே போயிற்று. அங்கே மூடுபனி இருப்பதாகப் பார்ப்பவர் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். உண்மையில் அங்கே இருந்தது தாள்.

இந்தக் கரைசலை அவர் செய்த விதத்தை முதலாளி பக்கத்தில் நின்று பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஒவ்வொரு மலைக்கும் தனித்தனி லேயர், அதாவது அடுக்கு. அதன்மேல் மாஸ்க் என்றொரு திரை. அந்தத் திரையில் கறுப்புப் பூசினால் மலை மறையும். வெள்ளை பூசினால் திரும்ப வரும். சாம்பல் பூசினால் பாதி தெரியும். எதுவும் நிரந்தரமாக அழிவதில்லை.

"ஒரே இழுப்புல மேலிருந்து கீழ கரைச்சு விடுறதுக்குத்தான் கம்ப்யூட்டர்லயே வசதி இருக்கே?"

"அது கதவுக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கும் சார். தண்ணி அப்படி ஒழுங்கா ஓடாது."

சொன்னதோடு நில்லாமல், மை உறிஞ்சும் தாளில் நீர்த்த மையைத் தடவி, அது திட்டுத்திட்டாகப் பரவிக் காய்ந்ததும் ஸ்கேனரில் வைத்துப் படியெடுத்து, அந்தக் கறையையே திரையாகப் பயன்படுத்தினார். இதற்காக மேசை, ஸ்கேனர், முதலாளியின் புதுச் சட்டை ஆகிய மூன்றும் மை குடித்தன.

படத்தின் மூன்றில் இரண்டு பங்கு வெறுமையானதும் முதலாளியின் கண் கணினியில் புறாக் கோப்புறையைத் தேடியது. புறா ஒன்றே ஒன்று, அதுவும் சின்னதாக, என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். அப்போதுதான் மெஷின் அண்ணன் தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தார். கணினித் திரையைப் பார்த்தார். கோப்பையை மேசையில் வைத்தார்.

"அட, நம்ம டாக்டர் சார்!"

"எங்க?" என்று முதலாளி பதறி வாசலைப் பார்த்தார். வாசலில் யாருமில்லை.

"வாசல்ல இல்லண்ணே. படத்துல."

பார்த்தபின் கண்ணை மீட்க முடியவில்லை. பின்னாலிருந்த மலைகளின் அடிவாரம் பனியில் கரைந்துவிட்டதால், வெள்ளைத் தாளின் நடுவே தனியாக எழுந்து நின்றது அந்த உருண்டைப் பாறை. மேலே மழமழவென்று ஒன்றுமில்லை. இரு சரிவிலும், சரியாகக் காது இருக்க வேண்டிய உயரத்தில், இரண்டு கொத்து மரங்கள். சற்றுக் கீழே இரண்டு பாறை வெடிப்புகள் புருவங்களாகச் சுளித்திருந்தன. புகைப்படத்தில் ஆயிரம் பொருள்களுக்கு நடுவே ஒளிந்திருந்த தலையை, காலி இடம் வெட்டவெளிச்சமாக்கிவிட்டது.

"அய்யய்யோ" என்று முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ரப்பர் அக்கா அத்தானைப் பார்த்ததில்லை. கைப்பேசியில் இருந்த குடும்பப் படத்தைக் காட்டினார்கள். அவர் அதையும் திரையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "மலை கொஞ்சம் இளமையா இருக்கு" என்றார்.

அதன்பின் செய்த முயற்சிகள் பல. மையை அடர்த்தியாக்கினால் அத்தான் கோபமாக இருந்தார். வெளிறலாக்கினால் தூங்கினார். படத்தை இடவலமாகத் திருப்பிப்போட்டால், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தார். மலையையே எடுத்துவிடலாம் என்றால், அந்த மலைக்காகத்தான் அத்தான் படமே எடுத்தார். அதைப்பற்றி நோயாளிகளின் வாயில் கருவி இருக்கும்போதுகூடப் பேசுகிறாராம்.

ரப்பர் அக்கா சாப்பிடப் போன நேரம். முதலாளியால் பொறுக்க முடியவில்லை. கை படக்கூடாது என்ற நிபந்தனை நினைவிருந்தது. ஆனால் அந்தக் கையோ காலியான உச்சியைக் கண்டால் சும்மா இருந்து பழகாத கை. பக்கவாட்டு மரங்களை நகலெடுத்து உச்சியில் நட ஆரம்பித்தார். ஒரு மரம் தனியாக நின்றதால் இன்னொன்று. இரண்டும் ஒட்டாததால் நடுவே மூன்று. காற்றடிக்கும் திசைக்கு மரங்கள் சாய்ந்திருந்தால் இயல்பாக இருக்குமே என்று எல்லாவற்றையும் வலப்பக்கம் சாய்த்தார். திருப்தியோடு பின்னால் நகர்ந்து பார்த்தார்.

இடப்பக்கம் வகிடெடுத்து வாரிய, அடர்ந்த கறுப்பு முடி.

அவருக்குப் பின்னால் மெஷின் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த ரப்பர் அக்கா சிரிக்கவில்லை.

"யார் இதுல கை வெச்சது?"

"நான்தாம்மா. மொட்டையா விட்டா அவமானம், முடி வெச்சா பழைய பகை. எந்தப் பக்கம் போனாலும் எனக்கு அக்கா வீட்டுச் சோறு கிடையாது." என்று சொல்லி, பேனர் கதை முழுவதையும் கொட்டினார்.

ரப்பர் அக்கா எல்லாவற்றையும் கேட்டார். முதலாளி நட்ட மரங்களை ஒரே தட்டில் நீக்கினார். பிறகு படத்தைப் பெரிதாக்கி, மலையின் விளிம்பைச் சுற்றிவந்து பார்த்தார்.

"நான்தான் தப்புப் பண்ணியிருக்கேன். எல்லா மலையையும் கீழ கரைச்சேன். குக்கரை வெட்டி வெச்ச மாதிரி இதை மட்டும் முழுசா விட்டுட்டேன். பனி கீழதான் இருக்கணும்னு யார் சொன்னது?"

பெரிய, விளிம்பு மெத்தென்ற பிரஷை எடுத்தார். ஒரு பூச்சில் கொஞ்சமே படும்படி அதன் அழுத்தத்தைக் குறைத்தார். மலையின் திரையில் மேலிருந்து கறுப்பைத் தடவத் தொடங்கினார். உச்சி மெல்ல வெளுத்தது. பிறகு இடச்சரிவும் அதன் மரங்களும் வெளுத்தன. மைக்கறைத் திரையை மேலே இட்டதும், கரைந்த விளிம்பு தண்ணீரில் ஊறியதுபோல் ஒழுங்கற்றுப் போயிற்று. கடைசியில் எஞ்சியது வலப்பக்கச் சரிவின் ஒற்றைக் கோடு. மரக்கொத்திலிருந்து கிளம்பி, ஏறி, வளையத் தொடங்கும் இடத்திலேயே அது வெள்ளையில் மறைந்தது. மேலே எதுவும் இல்லை. ஆனாலும், எழுதாத அந்த இடத்தில் மலை முன்னைவிட உயரமாக இருந்தது.

"தலை எங்கண்ணே?" என்று மெஷின் அண்ணன் ஏமாற்றத்தோடு கேட்டார்.

அச்சிடுவதில் அவர் ஒரு பங்கு ஏமாற்றத்தைத் திருப்பிக் கொடுத்தார். சாலைக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கும் பேனர்களுக்குச் செய்வது போலவே, பழக்கத்தில் படக்கோப்பைச் சுருக்கி இயந்திரத்துக்கு அனுப்ப, சீராகக் கரைய வேண்டிய சாம்பல் பட்டை பட்டையாகப் பிரிந்து, பனியில் படிக்கட்டு கட்டியது போலாயிற்று. அதுவும் பளபளக்கும் பேனர் துணியில். ரப்பர் அக்கா அதைச் சுருட்டி அவரிடமே கொடுத்து, வெயிலுக்குப் பந்தல் போட்டுக்கொள்ளச் சொன்னார். சாம்பலில் படிகள் தெரியாதபடி கண்ணுக்குத் தென்படாத நுண்ணிய புள்ளிகளைப் படமெங்கும் தூவி, சுருக்காத கோப்பையே, மினுக்கமற்ற தடித்த பருத்தித் தாளில், வேறொரு கடையின் சின்ன இயந்திரத்தில், கறுப்பு மையும் சாம்பல் மையும் மட்டும் கொண்டு அச்சிட்டு வாங்கினார். வண்ண மைகளைக் கலந்து சாம்பல் உண்டாக்கினால், பனியில் பச்சையோ ஊதாவோ எட்டிப் பார்க்கும் என்று அவருக்குப் பயம்.

மருத்துவமனைக்குப் படத்தை அவர் தூக்கிப் போனார். சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முதலாளி. காத்திருப்போர் அறையில் கன்னம் வீங்கிய ஒரு பெரியவரும், வாயில் பஞ்சோடு ஒரு கல்லூரி மாணவியும் இருந்தார்கள். முதலாளியின் அக்கா கைகளைப் பிசைந்தபடி நின்றாள். உள்ளே துளையிடும் கருவியின் ஓசை நின்றது. அத்தான் கையுறையோடு வெளியே வந்து, சுவரோரம் சாய்த்திருந்த படத்தின் முன் நின்றார். கீழிருந்து மேலாகக் கண்ணை ஓட்டினார்.

பிறகு மனைவியிடம் திரும்பினார். "மலையோட உச்சியை எங்க வெச்சான்னு உன் தம்பிகிட்ட கேளு."

இரண்டடி தள்ளி நின்ற தம்பியிடம் அக்கா, "மலையோட உச்சி எங்கன்னு கேக்கிறார்டா" என்றாள்.

முதலாளி சட்டத்தைத் துடைக்கத் தொடங்கினார். உண்மையைச் சொன்னால் கதவு சாத்தப்படும். பொய் சொல்லவோ ஒன்றும் தோன்றவில்லை. பார்வை தன்னையறியாமல் அத்தானின் உச்சந்தலைக்குப் போயிற்று, பதறி இறங்கியது, மறுபடியும் போயிற்று. அத்தானின் புருவங்கள், பாறை வெடிப்புகளைப்போலவே, சுளிக்கத் தொடங்கின.

"நான்தான் சார் எடுத்தேன்" என்றார் ரப்பர் அக்கா.

"ஏன்?"

"அது இருந்தவரைக்கும் பார்க்கிறவங்க எல்லாரும் அதையேதான் பார்த்தாங்க. ஒருத்தர்கூடப் படகைப் பார்க்கல. நீங்க படகு வர்ற வரைக்கும் காத்திருந்துதானே எடுத்தீங்க? அது அவ்வளவு சரியான இடத்துல நிக்குது."

ஒரு சொல் பொய்யில்லை. அத்தான் குனிந்தார். வெறும் தாளாக விரிந்த ஏரியின் நடுவே, இரண்டு பிரஷ் தீற்றலாகப் படகு. அதில் மூன்றாவது தீற்றலாக ஓர் உருவம். அவர் முகம் இளகியது.

"இது நீ" என்றார் மனைவியிடம்.

"நானா? இவ்வளவு ஒல்லியாவா?" அக்காவும் குனிந்தாள். "இந்தப் படம் இங்க எதுக்கு? வீட்டுல மாட்டுங்க."

"ஆனாலும் உச்சி..." என்று அத்தான் இழுத்தார்.

"மேஹத்துக்குள்ஹ இருக்கு டாக்ஹர்" என்றார் கன்னம் வீங்கிய பெரியவர், கையால் மேலே காட்டி. "நல்ஹாத் தெரியுதே."

அத்தான் அந்த வெள்ளையை மறுபடி பார்த்தார், தலையை ஆட்டினார். முதலாளி இதுதான் சமயமென்று ஆணியையும் சுத்தியலையும் எடுத்து, சட்டத்தைச் சுவரில் மாட்டினார். சற்றுத் தள்ளி நின்று பார்த்த அத்தானுக்குப் பொறுக்கவில்லை.

"டேய் மாப்ள, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? இடப்பக்கம் சாயுது பாரு. தூக்கு. இன்னும். அடேய், அவ்வளவு இல்ல!"

ஐந்தாண்டுகளில் அவர் மைத்துனரிடம் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் சட்டம் வலப்பக்கம் சாய்ந்தது. அதற்கும் திட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டிலும் இந்தத் திட்டு தொடர்ந்தது.

அங்கிருந்து திரும்பும் வழியில் முதலாளி நடுச்சாலையில் நின்றுவிட்டார். "அம்மா, இது சம்பளத்துல அடங்குற விஷயம் இல்ல. நான் உங்களுக்குக் கடன்பட்டவன். என்ன வேணும்னாலும் ஒண்ணு கேளுங்க. மறுபேச்சுப் பேசாம செய்றேன்."

"முதல்ல ஓரமா வாங்க சார், லாரி வருது. அப்புறம் கேக்கிறேன்."

அதன்பின் ரப்பர் அக்கா அந்தக் கடையில் நெடுநாள் வேலை பார்த்தார். மேசைக்கு மேலிருந்த மின்விசிறி நின்றபோது பழுது பார்க்கச் சொன்னார். முதலாளி ஓடிவந்து, "இதுதானா?" என்று கேட்டார். "இல்ல சார், இது ஃபேன்" என்றார் அக்கா. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக இரண்டு நாள் விடுப்புக் கேட்டபோதும், புது நாற்காலி கேட்டபோதும் அதே கேள்வி, அதே பதில். ஒருமுறை, திறப்பு விழாப் பேனர் ஒன்றில் வாழ்த்துவோர் பாதிப்பேரை நீக்க அனுமதி கேட்டார். இதுதான் அது என்று முதலாளி மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு தலையசைத்தார். "பயப்படாதீங்க சார், சும்மா கேட்டேன்" என்று அக்கா அத்தனை முகங்களையும் விட்டுவைத்தார்; புறாக்களை மட்டும் எடுத்தார்.

கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பிய நாளில், அவர் தன் குடையையும் மைத் தாள்களையும் பையில் வைத்துக்கொண்டிருக்கையில், முதலாளி மேசையோரம் வந்து நின்றார்.

"இப்பவாவது சொல்லுங்கம்மா."

ரப்பர் அக்கா உண்மையாகவே சற்று யோசித்தார். "ஒண்ணும் தோணல சார்" என்று சொல்லிவிட்டு, பேருந்துக்கு நேரமாயிற்றென்று இறங்கி நடந்தார். எதையும் அவர் கேட்கவே இல்லை.